அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றொரு பதில்

"பெட்டியில் பவர் கேபிள் வைக்கப்பட்டுள்ளது. பிளக் பொருந்தவில்லை என்றால் ஓர் அடாப்டர் வாங்கிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்." என் அக்கா மகன் இணையத்தில் வாங்கிய கேம் கன்சோலைப் பற்றிக் கேட்டதற்கு விற்பனையாளரிடமிருந்து வந்த பதில் இவ்வளவுதான். அவனே ஓய்வு நேரத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. பதிலைப் படித்துவிட்டு, "மாமா, அடாப்டர் வாங்கினா சரியாயிடுமா?" என்று கேட்டான். சரியாகாது என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் சரியாகாது என்பதை விற்பனையாளருக்குப் புரியும்படி எழுத வேண்டியிருந்தபோதுதான், இந்தச் சின்ன விவகாரத்துக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது.

நான் சில வருடங்கள் ஓர் இணைய விற்பனை நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் பதில் எப்படிப் பிறக்கிறது என்பது தெரியும். வரிசையில் புகார்கள் நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் முழுக்கப் படிக்க நேரம் இருக்காது. கண்ணில் படும் இரண்டு மூன்று சொற்களை வைத்து இது எந்த வகை என்று முடிவு செய்து, அந்த வகைக்கென்று தயாராக இருக்கும் பதிலை ஒட்டி அனுப்புவார்கள். அக்கா மகன் எழுதியது ஒரே வரி: "கேபிள் இல்லை, பிளக்கும் வேறு மாதிரி இருக்கிறது." படித்தவர் யோசித்திருப்பார்: கேபிள் இல்லை என்கிறார், ஆனால் பிளக் வேறு மாதிரி என்றும் சொல்கிறார். அப்படியென்றால் பிளக்கோடு ஒரு கேபிள் இருக்கத்தானே வேண்டும்? ஆகவே கேபிள் இருக்கிறது, பிளக்தான் பிரச்சினை, அதற்கு அடாப்டர் போதும். அவரளவில் அது ஒரு நியாயமான முடிவு. புகாரை மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

அவன் சொன்னதும் பொய் இல்லை. கேபிளும் இல்லை, பிளக்கும் தவறு, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தது என்ன

பெட்டியைத் திறந்ததும் கன்சோல், ஒரு கன்ட்ரோலர், அதைச் சார்ஜ் செய்யும் யூஎஸ்பி கேபிள், டிவியில் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள், கையேடு எல்லாம் இருந்தன. கூடவே, பிளாஸ்டிக் பையில் சுருட்டி, கருப்பாகத் தடிமனான ஒரு பவர் கேபிள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. அந்தக் கேபிளின் ஒரு முனையில் இரண்டு தட்டைப் பின்னும் ஓர் உருண்டைப் பின்னும் கொண்ட பிளக். 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் புழங்கும் வகை. எங்கள் வீட்டுச் சாக்கெட்டில் அது நுழையாது. இதைத்தான் அவன் "பிளக் வேறு" என்று எழுதினான்.

மறுமுனையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மூன்று துளை கொண்ட அகலமான முனை அது. மேசைக் கணினிக்கும் மானிட்டருக்கும் பின்னால் செருகுவோமே, அதே முனை. சர்வதேசத் தரத்தில் அதற்கு சி13 என்று பெயர். கன்சோலின் பின்பக்கமோ எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டதுபோல இரண்டு சிறு குழிகள் ஒட்டிய வடிவம். அதில் செருக வேண்டிய கேபிள் முனையின் பெயர் சி7. ரேடியோ, பிரிண்டர், டிவிடி பிளேயர் என்று பல சாதனங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் எர்த் கிடையாது, இரண்டே கம்பிகள்தான். இப்போதைய பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் பின்னால் இருப்பது இந்த எட்டு வடிவக் குழிதான். முதன்முதலில் வந்த பெரிய பிளேஸ்டேஷன் 3-க்கோ கணினிக் கேபிள்போன்ற மூன்று துளை முனை தேவைப்பட்டது. ஆகவே கன்சோல் என்றாலே இந்த முனைதான் என்று விதியெல்லாம் கிடையாது. எந்த மாடல் என்று பார்க்க வேண்டும்.

இப்போது விற்பனையாளரின் யோசனையை இங்கே வைத்துப் பாருங்கள். அடாப்டர் வாங்கிச் சுவரில் செருகினால் சுவர்ப் பக்கத்துப் பிரச்சினை தீரும். கன்சோல் பக்கத்து முனை அப்போதும் உள்ளே போகாது. பெட்டியில் இருந்தது கன்சோலின் கேபிளே இல்லை, வேறு ஏதோ சாதனத்தின் கேபிள். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளே இருக்கும் பொருட்களின் பட்டியல் அச்சிட்டிருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் பவர் கேபிள் வரவில்லை. வந்திருப்பது பட்டியலில் இல்லாத ஒரு பொருள். இந்த இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியாகச் சொன்னால்தான் குழப்பம் தீரும். ஒரே வரியில் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிடுவார். நான் அந்த வேலையில் இருந்தபோது இது தினமும் நடந்தது. யாரும் ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்யவில்லை. வாக்கியம் அதற்கு இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

"பழைய ரேடியோ வயர் கரெக்டா போகுது"

நான் கடிதம் எழுத உட்கார்ந்தபோது அவன் ஒரு பழைய ரேடியோவின் கேபிளை எடுத்துக்கொண்டு வந்தான். எட்டு வடிவ முனை, எங்கள் சாக்கெட்டுக்குப் பொருந்தும் பிளக். "மாமா, ரேடியோ வயர் இதுல கரெக்டா போகுது. போட்டுப் பார்க்கட்டுமா?" ஒரு கையில் வயர், இன்னொரு கையில் கன்ட்ரோலர். வாங்கிய பொருளை ஒருமுறையாவது ஓடவிட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் இருக்கும்.

கேபிளை மட்டும் வைத்துப் பேசினால் அவன் கேட்டதில் தப்பே இல்லை. இந்த எட்டு வடிவ முனை 2.5 ஆம்பியர் வரை தாங்கும் என்பது தரம். ஒரு கன்சோல் மும்முரமாக ஓடும்போது 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அது ஓர் ஆம்பியருக்கும் குறைவு. கேபிளின் மேலுறையில் 2 x 0.75 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றும் 0.75 சதுர மில்லிமீட்டர் என்று பொருள். இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். உறை வெடிக்காமல், முனை தளராமல் இருந்தால் அந்தக் கேபிளில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் எனக்குக் கேபிளைப் பற்றிக் கவலை இல்லை. பெட்டிக்குள் 120 வோல்ட் நாட்டுக் கேபிள் ஒன்று எப்படி வந்தது என்பதுதான் உறுத்தியது. தொழிற்சாலையில் கன்சோலைப் பெட்டியில் போடும் இடத்தில் மானிட்டர் கேபிள் கிடக்காது. அங்கே அந்தந்த விற்பனைப் பகுதிக்கான கேபிள்தான் வரிசையாக வரும். தவறினால் கேபிள் இல்லாமல் போகலாம், வேறு சாதனத்தின் கேபிள் வர வழியே இல்லை. அப்படியென்றால் தொழிற்சாலைக்குப் பிறகு யாரோ இந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே கேபிள் இல்லாததைப் பார்த்து, கையில் கிடைத்த ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தக் கையில் கிடைத்தது 120 வோல்ட் நாட்டுக் கேபிள் என்றால், கன்சோலும் அங்கிருந்து வந்ததாக இருக்குமோ?

"முதல்ல கன்சோலைத் திருப்பு, அடியில என்ன எழுதியிருக்குன்னு பார்ப்போம்" என்றேன். அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு லேபிள். பொதுவாக இங்கே நாம் எதிர்பார்ப்பது 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்ற வரி. அது இருந்தால் உலகின் எந்த வீட்டு மின்சாரத்திலும் அந்தச் சாதனம் ஓடும், பிளக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இந்த லேபிளில் இருந்தது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வேறு எண் எதுவும் இல்லை.

அடுத்து பெட்டியின் வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணையும் கன்சோல் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் சில எழுத்துகளிலேயே வேறுபட்டன. பெட்டி ஒரு கன்சோலுடையது, உள்ளே இருந்தது இன்னொன்று. மூடியின் ஓரத்தில் தொழிற்சாலை சீலின் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே ஒளி ஊடுருவும் டேப்பை நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள். திறக்கும்போது அவன் அதைக் கவனித்திருக்க வாய்ப்பே இல்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது.

அந்த நிமிடத்தில் எழுத வேண்டிய கடிதமே மாறிப்போனது. அதுவரை அது ஒரு கேபிள் கேட்கும் கடிதம். இப்போது விற்பனையாளர் சரியான கேபிளை மறுநாளே அனுப்பினாலும் ஏற்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்தக் கேபிளைச் செருகி ஓடவிட்டால் என்ன ஆகும் என்று விற்பனையாளருக்கும் தெரியாது.

120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சாதனத்தில் 230 வோல்ட் போனால் நடப்பது இது. சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்தைப் பவர் சப்ளை முதலில் நேர்மின்சாரமாக மாற்றி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்க்கிறது. 120 வோல்ட் என்றால் அங்கே ஏறத்தாழ 170 வோல்ட் நிற்கும். அதைத் தாங்க 200 வோல்ட் கெப்பாசிட்டர் போதும் என்று வைத்திருப்பார்கள். 230 வோல்ட் கொடுத்தால் அதே இடத்தில் 325 வோல்ட். பல சாதனங்களில் மின்னழுத்தம் எகிறினால் தடுக்க ஒரு சின்னப் பாகம் வைத்திருப்பார்கள், அது ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். அது காப்பாற்றாவிட்டால் கெப்பாசிட்டர் வீங்கி வெடிக்கும். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வெளியே தனிப் பெட்டியாக வந்த பவர் சப்ளைகளை, ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் பிளக் அடாப்டர் போட்டுச் செருகிப் பலர் இப்படி இழந்தார்கள். பயணத்துக்கு வாங்கும் பிளக் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும். வோல்ட்டை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு ட்ரான்ஸ்ஃபார்மர் தேவை. 200 வாட் தாங்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் கையில் தூக்கினால் கனக்கும், அதை வாழ்நாள் முழுக்கக் கன்சோலின் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். லேபிளில் 120 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பவர் சப்ளை 100 முதல் 240 வரை எல்லாவற்றையும் தாங்கும்படி செய்யப்பட்ட மாடல்கள் இருக்கின்றன. ஒரே பவர் சப்ளையை எல்லாப் பகுதிக்கும் செய்துவிட்டு, லேபிளை மட்டும் அந்தந்த நாட்டுக்கு ஏற்றபடி ஒட்டுவார்கள். கழற்றிப் பார்த்தவர்கள் "ஒன்றும் ஆகாது, நான் ஓட்டுகிறேன்" என்று சொல்வார்கள், அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பணம் கொடுத்து வாங்கியவன் அதைப் பரிசோதித்துப் பார்க்கும் ஆள் ஆகக் கூடாது. தயாரித்தவர் கையெழுத்துப் போட்டிருப்பது லேபிளுக்குத்தான். லேபிளை மீறிச் செருகிக் கன்சோல் போய்விட்டால், "நீங்கள் தவறான மின்சாரத்தில் இணைத்துக் கெடுத்தீர்கள்" என்று விற்பனையாளர் ஒரே வரியில் முடித்துவிடுவார். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். ரேடியோ வயரைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

கடிதம்

நாங்கள் அனுப்பிய கடிதத்தை அப்படியே தருகிறேன். ஆர்டர் எண்ணும் சீரியல் எண்களும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

"வணக்கம். மேற்கண்ட ஆர்டரில் நான் வாங்கிய கன்சோல் தொடர்பாக ஏற்கெனவே எழுதியிருந்தேன். அடாப்டர் வாங்கும்படி பதில் அனுப்பியிருந்தீர்கள். அந்தத் தீர்வு ஏன் பொருந்தாது என்பதை இங்கே விளக்குகிறேன்.

கன்சோலுக்குரிய பவர் கேபிள் பெட்டியில் இல்லை. கன்சோலின் பின்புறம் உள்ளது எட்டு வடிவ, இரு துளை இணைப்பு. பெட்டியில் இருந்த கேபிளின் முனை மூன்று துளை கொண்டது, கன்சோலில் செருக முடியாது. படம் 1-இல் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அந்தக் கேபிளின் பிளக்கும் எங்கள் சாக்கெட்டுக்குப் பொருந்தாது. ஆனால் பிளக்கை மாற்றினாலும் முனை பொருந்தாது என்பதால் அடாப்டரால் பயன் இல்லை.

கன்சோலின் அடிப்பகுதி லேபிளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று உள்ளது (படம் 2). உங்கள் விற்பனைப் பக்கத்தில் இது எங்கள் பகுதிக்கான புதிய கன்சோல் என்று சொல்லப்பட்டிருந்தது (படம் 3). எங்கள் மின்சாரம் 230 வோல்ட். பெட்டியின் மேல் உள்ள சீரியல் எண்ணும் கன்சோலின் சீரியல் எண்ணும் வேறு வேறு (படம் 4). தொழிற்சாலை சீல் கிழிந்து, அதன் மேல் வேறு டேப் ஒட்டப்பட்டுள்ளது (படம் 5).

ஆகவே எனக்கு வந்திருப்பது நான் ஆர்டர் செய்த பொருள் அல்ல. கேபிள் மட்டும் அனுப்பினால் இது தீராது. கன்சோலை நான் மின்சாரத்தில் இணைக்கவில்லை, இணைக்கப் போவதும் இல்லை. உங்கள் செலவில் இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும், அல்லது விற்பனைப் பக்கத்தில் சொன்னபடி எங்கள் பகுதிக்கான, சீல் உடையாத கன்சோலை மாற்றித் தர வேண்டும். 7 நாட்களுக்குள் இரண்டில் எது என்று தெரிவியுங்கள். பதில் இல்லை என்றால் விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவிலும், பணம் செலுத்திய வங்கி அட்டை நிறுவனத்திடமும் முறையிடுவேன். நன்றி."

இதில் கோபம் இல்லை என்று அக்கா குறைபட்டுக்கொண்டாள். "ஏமாத்தியிருக்கான், கொஞ்சம் காட்டமா எழுதக் கூடாதா?" என்றாள். ஏமாற்று என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். ஏமாற்றினார் என்று எழுதினால் அதை நாம் நிரூபிக்க வேண்டும். விற்பனையாளரே வேறொருவரிடம் வாங்கி, பெட்டியைத் திறக்காமல் அனுப்பியிருக்கலாம். வாங்கியவர் யாரோ மாற்றி வைத்துத் திருப்பி அனுப்பிய பெட்டியைச் சோதிக்காமல் மறுபடி விற்றிருக்கலாம். நான் வேலை பார்த்த இடத்தில் இந்த இரண்டாவது வகை அடிக்கடி வரும். திரும்பி வந்த பெட்டியின் எடை சரியாக இருந்தால் போதும் என்று அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். யார் மாற்றினார்கள் என்பது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. சொன்ன பொருள் வரவில்லை என்பது படத்தில் இருக்கிறது, அது போதும்.

படங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேபிளின் முனையை மட்டும் எடுத்த படம் எதையும் நிரூபிக்காது. முனையும் கன்சோலின் குழியும் ஒரே படத்தில், ஒன்றுக்கொன்று பக்கத்தில் தெரிய வேண்டும். எண்களின் படமும் அப்படியே: பெட்டியின் ஸ்டிக்கரும் கன்சோலின் லேபிளும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி கன்சோலைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து எடுத்தோம். தனித்தனிப் படம் என்றால் "இது வேறு பெட்டி" என்று சொல்ல இடம் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்தது இன்னும் முக்கியம், ஏனென்றால் புகார் போன பிறகு அந்தப் பக்கத்தின் வாசகம் மாறுவதை நான் வேலையில் இருந்தபோது நேரில் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கட்டத்தில் டிக் போடுவது

கடிதத்தை விடவும் முடிவைத் தீர்மானிக்கிற ஒன்று இருக்கிறது. தளத்தில் புகார் பதிவு செய்யும்போது காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். "பாகம் குறைகிறது", "பழுதடைந்துள்ளது", "விவரித்தபடி இல்லை" என்று கட்டங்கள் இருக்கும். பெயர்கள் தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாறும். அவன் முதலில் பதிவு செய்தது இயல்பாகவே "பாகம் குறைகிறது" என்பதில். அதைத் தொட்டால் உள்ளே ஒரு வழி திறக்கிறது: விற்பனையாளர் அந்தப் பாகத்தை அனுப்பலாம், அல்லது பாகத்தின் மதிப்புக்கு ஒரு சிறு தொகையைத் திருப்பித் தரலாம். அத்தோடு முடிந்தது. கன்சோலைத் திருப்பி எடுப்பது என்ற பேச்சே அந்த வழியில் வராது. "விவரித்தபடி இல்லை" என்ற கட்டமோ திருப்பி அனுப்பும் வழிக்குக் கொண்டுபோகும், அனுப்பும் செலவும் பெரும்பாலும் விற்பனையாளர் தலையில்தான். "பழுதடைந்துள்ளது" என்பதும் இங்கே ஆகாது. பழுது என்றால் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள், சரிபார்ப்புக்கு அனுப்பச் சொல்வார்கள். ஒரு 120 வோல்ட் கன்சோல் 120 வோல்ட் மேசையில் நன்றாகவே ஓடும். "பழுது எதுவும் இல்லை" என்ற சீட்டோடு நமக்கே திரும்பி வரும். பழைய புகாரை மாற்ற முடியவில்லை என்பதால், அது மூடியிருந்ததையே சாதகமாக்கிக்கொண்டு புதிதாக ஒன்று பதிவு செய்து, அதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டோம்.

விற்பனையாளரின் அடுத்த பதில் நான் எதிர்பார்த்ததுதான். சரியான கேபிளை அனுப்புகிறோம், சிரமத்துக்குச் சிறு தொகையும் தருகிறோம், புகாரை மட்டும் மூடிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இதை ஏற்க வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். பொருளை வாங்கியவரே புகாரை மூடினால் பல தளங்களில் அதே ஆர்டருக்கு மறுபடி திறக்க முடியாது. கேபிள் வழியில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துபோகும், ஏனென்றால் அது பெட்டி வீட்டுக்கு வந்த தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. புகாரில் பேச்சு நடப்பதால் அது நின்று காத்திருக்காது. போனில் பேசலாமா என்றும் கேட்டிருந்தார்கள். தளத்துக்குள்ளேயே எழுதுங்கள் என்று பதில் போட்டோம். போனில் ஒப்புக்கொண்டது எங்கேயும் பதிவாகாது, பிறகு தளத்தின் ஆள் தீர்ப்புச் சொல்லும்போது அவர் கண்ணில் படுவது எழுத்து மட்டுமே.

வாரண்டி உண்டே, எதற்கு இவ்வளவு பாடு என்று ஒரு நண்பர் கேட்டார். கன்சோல்களின் வாரண்டி பெரும்பாலும் விற்கப்பட்ட பகுதிக்கு மட்டும்தான். வேறு பகுதிக்குச் செய்த கன்சோலை இங்கே உள்ள சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோனால் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடக்கூடும். அதற்கான ஒரு கேபிளை அனுப்பிவிட்டால் கன்சோல் ஓடலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து விசிறி சத்தம் போட்டாலோ டிஸ்க் உள்ளே போகாமல் நின்றாலோ அவன் யாரிடமும் போக முடியாது. கேபிளின் மதிப்புக்குத் தந்த சிறு தொகை அப்போது எந்த மூலைக்கு?

7 நாள் முடிவதற்குள், நாங்கள் கேட்ட இரண்டில் எது என்று விற்பனையாளர் சொல்லவே இல்லை. தளத்திடம் தீர்ப்புக் கேட்டோம். சீரியல் எண்களின் படத்தைத்தான் அவர்கள் குறிப்பிட்டார்கள், கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்பி அனுப்பும் சீட்டு விற்பனையாளர் செலவில் வந்தது.

திருப்பி அனுப்பும்போது

பெட்டியைக் கட்டும்போது அவன் அந்தக் கருப்புக் கேபிளை வெளியே வைத்திருந்தான். நம் கன்சோலின் கேபிள் இல்லையே, எதற்கு அனுப்ப வேண்டும் என்பது அவன் எண்ணம். அதையும் உள்ளே வைக்கச் சொன்னேன். விற்பனையாளரின் முதல் பதிலிலேயே "பெட்டியில் பவர் கேபிள் வைக்கப்பட்டுள்ளது" என்று எழுத்தில் இருக்கிறது. திரும்பிப் போகும் பெட்டியில் எந்தக் கேபிளும் இல்லையென்றால், கேபிளை நாம் வைத்துக்கொண்டோம் என்று சொல்லி அதற்கான தொகையைக் கழிக்க அந்த வரியே போதும். கன்ட்ரோலர், யூஎஸ்பி கேபிள், எச்டிஎம்ஐ கேபிள், கையேடு, இந்தக் கேபிள் என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒரு படம், கன்சோலின் சீரியல் எண் தெரியும்படி அது பெட்டிக்குள் போவதை வெட்டாத ஒரே வீடியோவாக, டேப் ஒட்டும் வரைக்கும் எடுத்தோம். ஒரு தாளில் உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டு, "பொருந்தாத பவர் கேபிள், மூன்று துளை முனை, 1" என்று தனி வரியாக எழுதி மேலேயே வைத்தோம். கூரியர்க்காரர் பெட்டியை எடை போட்டுக் கொடுத்த ரசீதில் எடையும் அச்சாகியிருந்தது, அதையும் புகாரில் ஏற்றிவிட்டோம்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் விற்பனையாளர் "பவர் கேபிள் திரும்பவில்லை" என்று ஒரு குறிப்புப் போட்டார். தளத்தின் ஆளுக்கு அந்த வீடியோவையும் தாளின் படத்தையும் காட்டினோம். முழுத் தொகையும் கழிவில்லாமல் அவன் அட்டைக்கே திரும்பியது.

அடுத்த கன்சோலை அவன் வேறு விற்பனையாளரிடம் வாங்கினான். ஆர்டர் போடும் முன் தளத்துக்குள்ளேயே இரண்டு கேள்வி எழுதிக் கேட்டான்: கன்சோலின் அடி லேபிளில் எத்தனை வோல்ட் என்று இருக்கிறது, பெட்டியில் உள்ள கேபிளின் இரண்டு முனைகளும் எப்படி இருக்கும். லேபிளின் படத்தோடு பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினான்.